ரூ.1,499-க்கு வேளாங்கண்ணி டூர்: நோட்டீசில் 'உட்பட' எத்தனை, 'தனி' எத்தனை?

புதுச்சேரி:

சனி, ஞாயிறு வந்தால் வெளியூர்க்காரங்க கார் கட்டிக்கிட்டு புதுச்சேரிக்கு வர்றாங்க. புதுச்சேரிக்காரங்க வேன் பிடிச்சு வெளியூர் போறாங்க. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி கம்பெனிகளில் வேலை பார்க்கிறவங்க, கடை ஊழியர்கள், மகளிர் குழுக்காரங்க என்று பலரும் நாலைந்து மாதம் காசு சேர்த்து குடும்பத்தோடு கிளம்பும் டூர் இது. இரண்டு நாள், ஒரு ராத்திரி. சனிக்கிழமை விடியற்காலை ஏறினால் ஞாயிறு ராத்திரிக்குள் வீடு.

இந்த டூர்களுக்கான நோட்டீஸ் இப்போது பேப்பரில் மட்டும் வருவதில்லை. தெரு வாட்ஸ்அப் குரூப்பிலும் வருகிறது. மேலே மாதா கோவில் படம், நடுவில் சனீஸ்வரர் கோவில் கோபுரம், கீழே கொட்டை எழுத்தில் 'ரூ.1,499 மட்டுமே'. அதுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது'. அந்த நிபந்தனை என்ன என்று கேட்காமலே அட்வான்ஸ் கட்டிவிட்டு, பாதி வழியில் பர்சைத் திறக்கிறவங்கதான் அதிகம்.

நல்ல டிராவல்ஸ் கொடுக்கும் நோட்டீசுக்கும் மற்ற நோட்டீசுக்கும் வித்தியாசம் மூணே இடத்தில்தான். ஒன்று, எத்தனை மணிக்கு எங்கே என்ற பயணத் திட்டம். இரண்டு, கட்டும் காசில் எது எது அடக்கம். மூணு, போக முடியாமல் போனால் பணம் எவ்வளவு திரும்ப வரும். புதுச்சேரியில் இருந்து அடிக்கடி போகும் வேளாங்கண்ணி - திருநள்ளாறு டூரையே உதாரணமாக எடுத்துக்கொண்டு இந்த மூன்றையும் பார்ப்போம்.

ஒரே நாளில் ஏழு இடம் நடக்குமா?

வழக்கமாக நோட்டீசில் இப்படி இருக்கும்: 'சனிக்கிழமை - சிதம்பரம், பிச்சாவரம், தரங்கம்பாடி, காரைக்கால், திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி'. படிக்க அமர்க்களமாக இருக்கும். மணிக்கணக்கு போட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

புதுச்சேரியில் இருந்து கடலூர் வழியாக சிதம்பரம் சுமார் 65 கிலோமீட்டர். அங்கிருந்து பிச்சாவரம் 15 கிலோமீட்டர். திரும்ப சிதம்பரம் வந்து, சீர்காழி வழியாக தரங்கம்பாடிக்கு சுமார் 55. தரங்கம்பாடியில் இருந்து காரைக்கால் 15, அங்கிருந்து நாகூர் 15, நாகூரில் இருந்து நாகப்பட்டினம் தாண்டி வேளாங்கண்ணி 17 கிலோமீட்டர் அளவில் வரும். மொத்தத்தில் சனிக்கிழமை ஓட்டம் 200 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு இடத்திலும் இறங்கி ஏறும் நேரம்தான் பிரச்சினை.

காலை 6 மணிக்கு வண்டி எடுத்தால் ஏழே முக்கால் வாக்கில் சிதம்பரம். டிபன் முடித்து நடராஜர் கோவிலுக்குள் போனால் வெளியே வர 10 மணி ஆகும். கோவில் நடை மதியம் சாத்தினால் சாயந்திரம்தான் திறப்பார்கள். அதனால் சிதம்பரம் காலையில்தான் இருக்க வேண்டும். 'முதலில் பிச்சாவரம், அப்புறம் கோவில்' என்று நோட்டீசில் போட்டிருந்தால், போட்டவருக்கு அந்த ஊர் பழக்கம் இல்லை என்று அர்த்தம்.

பிச்சாவரத்தில் போட்டிங் போக டிக்கெட் எடுத்து முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். சனி, ஞாயிறில் கூட்டம் இருக்கும். அங்கே துடுப்புப் படகும் இருக்கிறது, மோட்டார் படகும் இருக்கிறது. சுரபுன்னை மரங்களுக்கு நடுவே போகும் குறுகலான வாய்க்காலுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். காத்திருப்பும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்கணும். அங்கேயே பகல் ஒரு மணி ஆகிவிடும்.

சாப்பாடு முடிந்து சிதம்பரத்தை விட்டுக் கிளம்பும்போது 2 மணி. தரங்கம்பாடி சேரும்போது மூன்றே முக்கால். 1620-ல் டென்மார்க்காரங்க கட்டிய டேனிஷ் கோட்டையை சாயந்திரம் மூடிவிடுவார்கள். 6 மணிக்குப் போய் நின்றால் கதவைத்தான் பார்க்கலாம். 5 மணிக்குக் கிளம்பினால் காரைக்கால் ஐந்தரை, நாகூர் தர்கா ஆறேகால். வேளாங்கண்ணியில் ரூம் சாவி கையில் வாங்கும்போது ராத்திரி 8 மணி.

இதுக்கு நடுவில் திருநள்ளாறு எங்கே நுழையும்? நுழையவே நுழையாது. அதுவும் சனிக்கிழமையில் நுழையவே நுழையாது. சனி பகவானுக்கு உகந்த நாள் சனிக்கிழமை. பல ஊர் பக்தர்களும் அன்றுதான் திரண்டு வருவார்கள். நளன் குளத்தில் குளித்து, ஈரத்துணி மாற்றி, வரிசையில் நின்று வர மற்ற நாளிலேயே இரண்டு மணி நேரம் ஆகும். சனிக்கிழமை எத்தனை மணி நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வேன் ஆட்களில் பாதிப் பேர் வரிசையில் மாட்டிக்கொண்டால் மீதிப் பேருடைய நாகூரும் தரங்கம்பாடியும் போச்சு.

விவரம் தெரிந்த டிராவல்ஸ்காரர் திருநள்ளாறை ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் போடுவார். காலையில் மாதா கோவில், டிபன், பீச். ஒன்பதரைக்கு வண்டி எடுத்தால் பத்தரை வாக்கில் திருநள்ளாறு. மதியம் நடை சாத்துவதற்குள் தரிசனம் முடியும். காரைக்காலில் சாப்பாடு. இரண்டரைக்குக் கிளம்பினால் 130 கிலோமீட்டர் சொச்சம் ஓடி, டீ குடிக்க நிறுத்தினாலும் சாயந்திரம் ஆறு, ஆறரைக்கு புதுச்சேரி. மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகிறவருக்கு அந்த ஆறரை மணிதான் முக்கியம்.

'சனிக்கிழமைதான் சனீஸ்வரனைப் பார்க்கணும், அதுதான் வேண்டுதல்' என்கிறவங்க இருப்பார்கள். அவர்களுக்கு இந்த டூர் பொருந்தாது. திருநள்ளாறுக்கு மட்டும் தனியாக ஒரு நாள் போய்வருவதுதான் சரி. இதை முன்கூட்டியே சொல்கிற ஏஜென்சியை நம்பலாம். 'எல்லாம் பார்த்துடலாம் சார்' என்கிறவரிடம் ஒவ்வொரு இடத்திலும் எத்தனை மணி நேரம் என்று எழுதித் தரச் சொல்லுங்க. எழுத உட்கார்ந்தாலே ஏழு இடம் ஐந்தாகிவிடும்.

நோட்டீசில் இன்னொரு சொல்லையும் கவனிக்கணும். 'பார்வையிடல்' என்றால் இறங்கிப் பார்ப்பது. 'வழியில்' என்று இருந்தால் வண்டியில் இருந்தபடியே ஜன்னல் வழியாகக் கையைக் காட்டுவதோடு முடிந்துவிடலாம். காரைக்கால் அம்மையார் கோவில், சீர்காழி எல்லாம் பல நோட்டீசில் இப்படித்தான் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன.

123 ரூபாய் வித்தியாசம்

அடுத்தது காசு. ஒரு டிராவல்ஸ் ரூ.2,730 என்கிறது. இன்னொன்று ரூ.1,499 என்கிறது. இடமும் அதேதான், வண்டியும் அதேதான். எது லாபம்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே சொல்லும் ரேட் எல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. சீசனுக்கும் வண்டிக்கும் தகுந்தபடி மாறும். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது.

12 பேர் உட்காரும் டெம்போ டிராவலர். போக வர, உள்ளூர் ஓட்டம் எல்லாம் சேர்த்து 400 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 24 ரூபாய் என்றால் வாடகை 9,600. டிரைவர் பேட்டா ஒரு நாளைக்கு 800 வீதம் இரண்டு நாளுக்கு 1,600. டோல்கேட், பார்க்கிங், பெர்மிட் செலவு 1,800. ஆக வண்டிக்கு மட்டும் 13,000 ரூபாய்.

வேளாங்கண்ணியில் ரூமுக்கு மூன்று பேர் வீதம் நாலு ரூம். ஒரு ரூம் 1,500 என்றால் 6,000. சாப்பாடு இரண்டு காலை, இரண்டு மதியம், ஒரு ராத்திரி என்று ஐந்து வேளை. வேளைக்கு சராசரி 120 வைத்தால் ஆளுக்கு 600, பன்னிரண்டு பேருக்கு 7,200. போட்டிங் ஆளுக்கு 150 வீதம் 1,800. எல்லாம் கூட்டினால் 28,000.

ஏஜென்சிக்காரரும் பிழைக்கணும். போன் செலவு, கடை வாடகை, கூட வரும் ஆள் என்று அவருக்கும் செலவு இருக்கிறது. அவர் 3,200 வைத்தால் 31,200. பன்னிரண்டால் வகுத்தால் தலைக்கு 2,600. அதன் மேல் டூருக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதாவது 130. மொத்தம் ரூ.2,730. இந்த டிராவல்ஸில் வண்டி ஏறியபின் டீ, பொம்மை, பிரசாதம் தவிர வேறு எதற்கும் பர்சைத் திறக்க வேண்டியதில்லை.

இப்போ 1,499-க்கு வருவோம். பன்னிரண்டு பேரிடம் 1,499 வாங்கினால் 17,988 ரூபாய். அதில் வண்டி வாடகை 9,600, ரூம் 6,000 போனால் 2,388 மிச்சம். அதுதான் அவருடைய லாபம். அப்போ சாப்பாடு? அது 'அவரவர் செலவு'. போட்டிங்? 'தனி'. டோல், பேட்டா, பெர்மிட்? 'வழியில் பகிர்ந்துகொள்ளலாம்'. ஜி.எஸ்.டி.? 'கூடுதல்'.

அந்த 1,499-ல் சாப்பாட்டு செலவு 600-ஐக் கூட்டுங்க. போட்டிங் 150. ஜி.எஸ்.டி. 75. டோல், பேட்டா, பெர்மிட் 3,400-ஐப் பன்னிரண்டு பேர் பங்கு போட்டால் தலைக்கு 283. மொத்தம் ரூ.2,607. முதல் டிராவல்ஸுக்கும் இதுக்கும் வித்தியாசம் 123 ரூபாய்தான்.

அதுக்காக 1,499 நோட்டீஸ் போட்டவர் திருடர் என்று சொல்ல முடியாது. 'ரூம், வண்டி வாடகை மட்டும் அடக்கம். மற்றது தனி. எல்லாம் சேர்த்து 2,600 கிட்ட ஆகும்' என்று நோட்டீசிலேயே எழுதிவிட்டால் அதுவும் நேர்மையான நோட்டீஸ்தான். வீட்டில் இருந்து புளிசோறு கட்டிக்கொண்டு போகிறவருக்கு, போட்டிங் வேண்டாம் என்கிறவருக்கு அதுதான் லாபம். ஆனால் 1,499-ஐப் பெரிதாகப் போட்டுவிட்டு மீதியைச் சொல்லாமல் விட்டால், நாலு பேர் குடும்பம் ஆறாயிரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும். செலவோ பத்தாயிரத்தைத் தாண்டும். இடைப்பட்ட நாலாயிரத்தை வேளாங்கண்ணியில் யாரிடம் போய்க் கேட்பது?

ஒருவேளை 1,499-ல் சாப்பாடும் போட்டிங்கும் அடக்கம் என்றே ஒருவர் அடித்துச் சொல்கிறாரா? அப்போதான் உஷாராகணும். மேலே போட்ட கணக்கின்படி அது கட்டுபடியாகாது. எங்கோ ஒரு இடத்தில் கை வைத்தால்தான் முடியும். 12 சீட் வண்டியில் நடுவில் ஸ்டூல் போட்டு 16 பேரை ஏற்றுவார்கள். இல்லையென்றால் ரூமுக்கு ஆறு பேர் என்று ஹாலில் பாய் விரிப்பார்கள். அதனால் மூன்று கேள்வி கட்டாயம் கேட்கணும். வண்டியில் எத்தனை சீட், எத்தனை பேர்? ரூமுக்கு எத்தனை பேர், பாத்ரூம் உள்ளேயா வெளியேயா? குழந்தைக்கு எத்தனை வயது வரை டிக்கெட் இல்லை, அந்தக் குழந்தைக்கு சீட் உண்டா, மடியா?

வண்டியின் நம்பர் போர்டையும் பாருங்க. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து இருக்கணும். வெள்ளை போர்டு வண்டி சொந்த உபயோகத்துக்கு. அதில் காசு வாங்கி ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு. நம்ம ஊர் பி.ஒய். வண்டி கடலூர் எல்லையைத் தாண்டினாலே தமிழ்நாடு. நடுவில் காரைக்கால் மறுபடியும் புதுச்சேரி மாநிலம். நாகூர் போனால் திரும்பவும் தமிழ்நாடு. அதனால் இந்த டூருக்கு வெளிமாநில பெர்மிட் உள்ள டூரிஸ்ட் வண்டி வேண்டும். வெள்ளை போர்டு வண்டியில் போய் விபத்து நடந்தால், வாடகைக்கு ஓட்டியதைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். அந்த ஆபத்து 200 ரூபாய் மிச்சத்துக்கு வாங்கக்கூடாத ஆபத்து.

எல்லை தாண்டும் டூர் என்பதால் இன்னொரு விஷயமும் உண்டு. பையில் பாட்டில் எடுத்துக்கொண்டு ஏறும் ஒரு ஆளால் செக்போஸ்டில் வண்டியே நிற்கும். கேஸ், சோதனை என்று இரண்டு மணி நேரம் போனால் மற்ற பதினோரு பேரின் சிதம்பரம் தரிசனம் கெட்டுப்போகும். நல்ல டிராவல்ஸ்காரர் இதை நோட்டீசிலேயே போட்டுவிடுவார்: 'மதுபாட்டில் எடுத்து வந்தால் வண்டியில் ஏற்ற மாட்டோம், பணமும் திரும்பாது'. இந்த ஒரு நிபந்தனை கறாராக இருப்பது எல்லோருக்கும் நல்லது.

ரத்து செய்தால் எவ்வளவு வரும்?

மூன்றாவது விஷயம்தான் சண்டையில் முடிவது. 'அட்வான்ஸ் எந்தக் காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்ற ஒரே வரிதான் பல ரசீதில் அச்சடித்திருக்கும். வீட்டில் ஒரு சாவு, குழந்தைக்குக் காய்ச்சல், கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. எதுவாக இருந்தாலும் போன பணம் போனதுதான் என்பார்கள்.

இது நியாயமா? ஏஜென்சிக்கு உண்மையில் என்ன நஷ்டம் என்று பார்த்தால் விடை தெரியும். நீங்கள் கட்டிய 2,730-ல் வண்டிக்கான உங்கள் பங்கு 1,083 ரூபாய். ஒரு சீட் காலியாகப் போனாலும் வண்டிச் செலவு குறையாது. ரூம் பங்கு 500. கடைசி நேரத்தில் ரூமை ரத்து செய்தால் லாட்ஜ்காரரும் தரமாட்டார். ஆக இந்த 1,583 ரூபாய் கடைசி நேரத்தில் அவருக்கு உண்மையான நஷ்டம். அவருடைய உழைப்புக்கான 267 ரூபாயையும் அவர் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் நீங்கள் சாப்பிடாத சாப்பாடு 600, ஏறாத படகு 150. இந்த 750 ரூபாய் செலவாகவே இல்லை. முதல் நாள் ராத்திரி சொன்னாலும் அதைத் திருப்பித் தருவதுதான் முறை.

பதினைந்து நாள் முன்னாடி சொன்னால் நிலைமையே வேறு. அந்த சீட்டை இன்னொருவருக்கு விற்க நேரம் இருக்கிறது. அப்போது நூறு, நூற்றைம்பது பிடித்துக்கொண்டு மீதியைத் தரலாம். நடுவில் ஒரு வாரம் இருந்தால் கால் பங்கு, மூன்று நாள் இருந்தால் பாதி என்று படிப்படியாகப் பிடிப்பது நாட்டு வழக்கம். 'எனக்குப் பதில் என் மச்சான் வருவான்' என்று ஆள் மாற்றினால் ஏஜென்சிக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. அதற்குக் காசு பிடிக்கக்கூடாது. வேளாங்கண்ணி மாதா திருவிழா நடக்கும் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை ரூம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அந்த நாட்களுக்கு மட்டும் பிடித்தம் கூடுதல் என்றால் அது நியாயம். ஆனால் அதையும் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும்.

சட்டமும் இதே கணக்கைத்தான் பார்க்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. நடந்த நஷ்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்கு அபராதம் போடும் நிபந்தனையும் அதில் வரும். கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்பதாலேயே அது நியாயமாகிவிடாது.

ஏஜென்சியே ரத்து செய்தால்?

வாடிக்கையாளர் ரத்து செய்தால் என்ன என்று பத்து வரி எழுதுகிறவர்கள், தாங்களே ரத்து செய்தால் என்ன என்று ஒரு வரியும் எழுதுவதில்லை. இரண்டு விதத்தில் அவர்கள் ரத்து செய்யலாம்.

ஒன்று, ஆள் சேரவில்லை. 12 சீட்டில் ஆறு பேர்தான் சேர்ந்தால் வண்டி எடுத்தால் நஷ்டம். அது புரிகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி போன் போட்டு 'டூர் கேன்சல்' என்றால் லீவு போட்டவர், பக்கத்து வீட்டில் ஆட்டை விட்டுவிட்டு வந்தவர் கதி என்ன? குறைந்தபட்சம் எத்தனை பேர், சேராவிட்டால் எந்தக் கிழமைக்குள் சொல்வார்கள் என்று நோட்டீசில் இருக்கணும். புதன்கிழமைக்குள் சொல்லி முழுப்பணம் திருப்பினால் யாரும் சண்டை போட மாட்டார்கள். சில சமயம் வேறு டிராவல்ஸ் வண்டியில் மாற்றி ஏற்றிவிடுவார்கள். உங்கள் சம்மதம் கேட்டுத்தான் மாற்றணும். வேண்டாம் என்றால் பணம் வாபஸ்.

இரண்டாவது, இயற்கை. இது புதுச்சேரிக்காரங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30-ந்தேதி ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. அன்று சனிக்கிழமை. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதற்கடுத்த நாட்களில் தென்பெண்ணை ஆற்று வெள்ளம் கடலூர், விழுப்புரம் பக்கம் ஊரையும் ரோட்டையும் மூழ்கடித்தது. அந்த வாரக் கடைசிக்கு டூர் கட்டியிருந்தால் யார் போயிருக்க முடியும்?

அது மாதிரி நாளில் 'இயற்கை சீற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல, பணம் திரும்பாது' என்ற நிபந்தனையைக் காட்டுவார்கள். அதில் பாதிதான் சரி. புயலுக்கு அவர்கள் பொறுப்பல்ல, உண்மை. அதனால் நஷ்டஈடு கேட்க முடியாது. ஆனால் ஓடாத வண்டிக்கும் தங்காத ரூமுக்கும் வாங்கிய காசை வைத்துக்கொள்வது வேறு விஷயம். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் 65-வது பிரிவு சொல்வது இதுதான்: நடக்க முடியாமல் போன ஒப்பந்தத்தில் ஒருவர் பெற்ற பலனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொரோனா ஊரடங்கில் நாடு முழுக்க இந்தப் பிரச்சினை வந்தது. ஊரடங்கு காலத்தில் எடுத்த விமான டிக்கெட்டுகளுக்குப் பணம் திருப்பித் தருவது பற்றி சுப்ரீம் கோர்ட்டு 2020 அக்டோபர் 1-ந்தேதி உத்தரவு போட்டது. அப்படியும் 'யாத்ரா' என்ற ஆன்லைன் டிராவல் கம்பெனியிடம் பல வாடிக்கையாளர்களின் பணம் வருடக்கணக்கில் நின்றது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் மீதிப் பணத்தையும் திருப்பித் தரச் சொல்லி உத்தரவிட்டது. பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி என்றால் தெருமுனை டிராவல்ஸுக்கும் அதே சட்டம்தான்.

நேர்மையான ஏஜென்சி இப்படி எழுதும்: 'புயல், வெள்ளம், அரசு தடை காரணமாக வண்டி எடுக்க முடியாவிட்டால் முழுப்பணம் அல்லது வேறு தேதி. எது வேண்டும் என்று வாடிக்கையாளரே சொல்லலாம்'. 'வேறு தேதி மட்டும்தான்' என்று இருந்தால் அந்தத் தேதிக்கு உங்களுக்கு லீவு கிடைக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்க.

ஏஜென்சியே மூடிவிட்டால் என்ன என்பதும் யோசிக்க வேண்டியதுதான். 1841-ல் ரெயில் டூர் நடத்தி ஆரம்பித்த இங்கிலாந்தின் தாமஸ் குக் கம்பெனி 2019 செப்டம்பர் 23-ந்தேதி திவாலானது. வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட ஒன்றரை லட்சம் பேரை அந்த நாட்டு விமானத்துறை அழைத்து வந்தது. டூர் கம்பெனிகளிடம் முன்கூட்டியே பிடித்த பாதுகாப்பு நிதி அதற்குக் கைகொடுத்தது. நம்ம ஊர் வேன் டூருக்கு அப்படி ஒரு நிதி கிடையாது. அதனால் முழுப்பணத்தையும் முன்கூட்டியே கொட்டாதீங்க. கால் பங்கு அட்வான்ஸ், மீதி வண்டி ஏறும்போது. அதுதான் ஏழைக்கு உள்ள ஒரே பாதுகாப்பு.

பணம் வரவில்லை என்றால்

பணம் கட்டும்போதே ஆதாரம் சேர்க்கணும். போன் மூலம் பணம் அனுப்பினால் கடை பேருக்கு அனுப்புங்க. யாரோ ஒரு தம்பியின் நம்பருக்கு அனுப்பினால் நாளைக்கு 'அந்தத் தம்பி எங்க ஆளே இல்லை' என்பார்கள். ஜி.எஸ்.டி. வாங்கினால் ஜி.எஸ்.டி. நம்பர் போட்ட பில் கேளுங்க. நம்பர் இல்லாதவர் அந்த வரியை வாங்கவே கூடாது. வாட்ஸ்அப் நோட்டீசை அழிக்காமல் வைத்திருங்க. அவர்கள் அனுப்பிய அந்தப் படம்தான் நாளைக்கு சாட்சி.

தகராறு வந்தால் முதலில் என்ன குறை, எவ்வளவு பணம் வரணும் என்று தேதியோடு எழுதி ஏஜென்சிக்குக் கொடுங்க. மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடலாம். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அதிலும் தீரவில்லை என்றால் புதுச்சேரி நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு வழக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆகணும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போடணும்.

நல்ல நோட்டீஸ் எப்படி இருக்கும்?

டிராவல்ஸ் நடத்துகிறவங்களுக்கும் இது உதவும். கீழே உள்ளது போல ஒரு நோட்டீஸ் அடித்தால் முதல் மாதம் இரண்டு சீட் குறையலாம். ஆனால் போய் வந்தவர்கள் மறுபடியும் அதே கடைக்குத்தான் வருவார்கள்.

'வேளாங்கண்ணி - திருநள்ளாறு, 2 நாள், 1 இரவு. சனி காலை 6 மணி புறப்பாடு. ஞாயிறு இரவு 7 மணிக்குள் புதுச்சேரி.

சனி: சிதம்பரம் கோவில் ஒன்றே முக்கால் மணி நேரம், பிச்சாவரம் 2 மணி நேரம், தரங்கம்பாடி ஒன்றேகால் மணி நேரம், நாகூர் 1 மணி நேரம், இரவு வேளாங்கண்ணி. ஞாயிறு: காலை மாதா கோவில், பிறகு திருநள்ளாறு 2 மணி நேரம். காரைக்காலில் மதிய சாப்பாட்டுக்கு மட்டும் நிற்கும்.

12 சீட், 12 பேர் மட்டும். மஞ்சள் போர்டு வண்டி. ரூமுக்கு 3 பேர்.

கட்டணம் ரூ.2,730. வண்டி, டோல், பேட்டா, பெர்மிட், ரூம், 5 வேளை சாப்பாடு, துடுப்புப் படகு, ஜி.எஸ்.டி. அடக்கம். டீ, ஸ்நாக்ஸ், அர்ச்சனை, சிறப்பு தரிசன டிக்கெட் அடக்கம் இல்லை.

அட்வான்ஸ் ரூ.700. மீதி வண்டி ஏறும்போது. 15 நாள் முன்பு ரத்து செய்தால் ரூ.100 மட்டும் பிடித்தம். 7 நாள் முன்பு கால் பங்கு. 3 நாள் முன்பு பாதி. அதற்குப் பிறகு சாப்பாடு, படகுப் பங்கு ரூ.750 மட்டும் திரும்பும். முழுப்பணம் கட்டாதவர்களுக்கு அட்வான்ஸ் மட்டும் பிடிக்கப்படும், மேற்கொண்டு கேட்கமாட்டோம். ஆள் மாற்றினால் பிடித்தம் இல்லை. 10 பேர் சேராவிட்டால் புதன்கிழமைக்குள் தகவல், முழுப்பணம் வாபஸ். புயல், வெள்ளம் என்றால் முழுப்பணம் அல்லது வேறு தேதி, உங்கள் விருப்பம். பணம் 7 நாளில் திரும்பும்.'

அரைப்பக்கத்தில் அடங்கும் விஷயம்தான். அடுத்த முறை வாட்ஸ்அப்பில் டூர் நோட்டீஸ் வந்தால் இதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்க. எந்த வரி விடுபட்டிருக்கிறதோ, அதை அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்க.